மோசடி ஆயிரத்தில் இரண்டுகூட இல்லாதபோது எந்த வளைவை நம்புவது? ஆர்ஓசியும் பிரிசிஷன்–ரீகாலும்

கிரெடிட் கார்டு மோசடியைக் கண்டுபிடிக்கும் மாடல்களைப் பழக விரும்புவோர் பெரும்பாலும் ஒரே தரவுத்தொகுப்பில்தான் தொடங்குகிறார்கள். 2013 செப்டம்பரில், இரண்டு நாட்களில், ஐரோப்பிய அட்டைதாரர்கள் செய்த 284,807 பரிவர்த்தனைகள் அதில் உள்ளன. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் மெஷின் லேர்னிங் குழு தொடர்பான இந்தத் தரவு கேகிள் தளத்தில் கிடைக்கிறது. மோசடி என்று குறிக்கப்பட்டவை 492. மொத்தத்தில் 0.17 சதவீதம்.

இந்தத் தரவில் யார் மாடல் கட்டினாலும் ஆர்ஓசி வளைவுக்குக் கீழுள்ள பரப்பு 0.9க்கு மேல் எளிதாக வந்துவிடுகிறது. அதைப் பார்த்து மகிழ்ந்துபோகும் அறிக்கைகளுக்கும் குறைவில்லை. தரவை வெளியிட்டவர்களோ, பிரிசிஷன்–ரீகால் வளைவின் பரப்பைக் கொண்டு மாடலை அளக்குமாறு தரவின் பக்கத்திலேயே அறிவுறுத்தியிருக்கிறார்கள். ஏன் அப்படிச் சொன்னார்கள், அந்த அறிவுரையை எப்போது அப்படியே ஏற்கலாம், எப்போது ஆர்ஓசியிடம் திரும்ப வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இரண்டு வளைவுகளும் ஒரே மூலப்பொருளிலிருந்துதான் வருகின்றன. மாடல் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு மதிப்பெண் தருகிறது. ஒரு வெட்டுப்புள்ளியை வைத்து, அதற்கு மேலே வருவதையெல்லாம் எச்சரிக்கை என்கிறோம். வெட்டுப்புள்ளியை மேலிருந்து கீழே நகர்த்தினால் வளைவு உருவாகிறது. பிடிபட்ட மோசடிகளை மொத்த மோசடிகளால் வகுத்தால் ரீகால். இது இரண்டு படங்களிலும் உண்டு. ஆர்ஓசியில் செங்குத்து அச்சிலும், மற்றதில் கிடை அச்சிலும் இருக்கும். வேறுபாடு மற்றொரு அச்சில்தான் இருக்கிறது.

ஆர்ஓசி, பொய் எச்சரிக்கைகளை மொத்த நல்ல பரிவர்த்தனைகளால் வகுக்கிறது. நம் தரவில் அந்த வகுஎண் 284,315. பிரிசிஷன் அதே பொய் எச்சரிக்கைகளை, பிடிபட்ட மோசடிகளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறது: எழுந்த எச்சரிக்கைகளில் எத்தனை உண்மை? சரியாக விட்டுவிடப்பட்ட நல்ல பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை பிரிசிஷனிலும் இல்லை, ரீகாலிலும் இல்லை. இந்த இரு அளவுகளும் நூலகத் தேடல் போன்ற தகவல் மீட்புத் துறையில் வளர்ந்தவை. தேடலுக்குத் தொடர்பில்லாத லட்சக்கணக்கான ஆவணங்களைக் காட்டாமல் விட்டதற்காக அங்கே யாரும் மதிப்பெண் தருவதில்லை. ஆர்ஓசியோ ரேடார் சமிக்ஞைகளை இரைச்சலிலிருந்து பிரித்தறியும் ஆய்வுகளிலிருந்து வந்தது. சமிக்ஞை எத்தனை முறை வருகிறது என்பதிலிருந்து பிரித்தறியும் திறனைத் தனியே அளப்பதுதான் அதன் நோக்கம். அந்த நோக்கத்தை அது இன்றும் ஒழுங்காகவே நிறைவேற்றுகிறது. நாம்தான் அதனிடம் வேறு கேள்வியைக் கேட்கிறோம்.

இனி இரண்டு மாடல்களை எடுத்துக்கொள்வோம். இவை பயிற்சியில் வந்தவை அல்ல. மேற்சொன்ன தரவின் எண்ணிக்கைகளை வைத்து நான் கட்டியவை. எண்கள் கையாலேயே சரிபார்க்கும்படி எளிமையாக இருக்க வேண்டும் என்பதற்காக, இவை ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் இரண்டு அல்லது மூன்று விதமான மதிப்பெண்களை மட்டுமே தருகின்றன.

முதல் மாடல் 394 மோசடிகளுக்கு உயர்ந்த மதிப்பெண் தருகிறது. கூடவே 284 நல்ல பரிவர்த்தனைகளுக்கும் அதையே தருகிறது. மீதி எல்லாமே அதற்கு ஒன்றுதான். இரண்டாம் மாடலும் அதே 394 மோசடிகளை மேல் அடுக்கில் வைக்கிறது, ஆனால் 2,843 நல்ல பரிவர்த்தனைகளையும் அங்கே ஏற்றிவிடுகிறது. அதன் நடு அடுக்கில் இன்னும் 73 மோசடிகளும் 54,020 நல்லவையும் இருக்கின்றன.

```python
import numpy as np
from sklearn.metrics import roc_auc_score, average_precision_score
y = np.r_[np.ones(492), np.zeros(284315)]
a = np.r_[np.ones(394), np.zeros(98),
          np.ones(284), np.zeros(284031)]
b = np.r_[np.full(394, 2), np.full(73, 1), np.zeros(25),
          np.full(2843, 2), np.full(54020, 1), np.zeros(227452)]
for s in (a, b):
    print(roc_auc_score(y, s), average_precision_score(y, s))
```

ஓட்டிப் பார்த்தால், ஆர்ஓசி பரப்பு முதல் மாடலுக்கு 0.900, இரண்டாவதற்கு 0.950. பிரிசிஷன்–ரீகால் வளைவின் பரப்பை ஒரே எண்ணாகத் தரும் சராசரி பிரிசிஷன் முதல் மாடலுக்கு 0.466, இரண்டாவதற்கு 0.099. ஒரு அளவு இரண்டாம் மாடலைத் தெளிவாக முன்னால் வைக்கிறது. மற்றொன்று அதை ஏறத்தாழ ஐந்து மடங்கு பின்னுக்குத் தள்ளுகிறது. இரண்டு எண்களுமே சரியான கணக்கு.

யார் சொல்வதைக் கேட்பது என்பதற்கு, எச்சரிக்கைகளைப் பார்க்கப்போகும் மனிதர்களிடம் போக வேண்டும். வங்கியின் விசாரணைக் குழு இந்த இரண்டு நாட்களில் 700 எச்சரிக்கைகளைத்தான் சரிபார்க்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாடலின் மேல் அடுக்கில் இருப்பவை 678. குழு அனைத்தையும் பார்த்துவிடும். 394 மோசடிகள் கையில் கிடைக்கும். அதாவது நூறு அழைப்புகளில் 58 உண்மை. இரண்டாம் மாடலின் மேல் அடுக்கில் 3,237 இருக்கின்றன, அவற்றுக்குள் முன்பின் வரிசை கிடையாது. அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 700ஐ எடுத்தால் சராசரியாக 85 மோசடிகள் அகப்படும். அதே ஆட்கள், அதே உழைப்பு. ஒன்று 394, மற்றொன்று 85.

அப்படியானால் இரண்டாம் மாடல் ஆர்ஓசியில் 0.05 கூடுதலாக எங்கே சம்பாதித்தது? நடு அடுக்கில்தான். அந்த அடுக்கையும் சேர்த்துக்கொண்டால் ரீகால் 80 சதவீதத்திலிருந்து 95க்கு உயர்கிறது. ஆர்ஓசிக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த இடத்தில் மொத்தம் 57,330 எச்சரிக்கைகள், அவற்றில் 467 மட்டுமே மோசடி. 700 பேரை விசாரிக்கக்கூடிய குழு அந்தப் பகுதிக்கு ஒருநாளும் போகப்போவதில்லை. ஆர்ஓசி பரப்பு என்பது பொய் எச்சரிக்கை வீதம் பூஜ்யத்திலிருந்து நூறு சதவீதம் வரை ரீகாலின் சராசரி. அந்தச் சராசரியில், யாரும் வேலை செய்யாத 99 சதவீத அகலத்துக்கே 99 சதவீத எடை.

படமாக வரைந்து பார்த்தாலும் இதே கதைதான். ஆர்ஓசி படத்தின் கிடை அச்சு பத்து சென்டிமீட்டர் நீளம் என்று கொள்ளுங்கள். முதல் மாடலின் 284 பொய் எச்சரிக்கைகள் இடது ஓரத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் தள்ளி விழும். இரண்டாவதன் 2,843 பொய் எச்சரிக்கைகள் ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழும். அச்சடித்த கோட்டின் தடிமனே அந்த அளவுதான் இருக்கும். விசாரணைக் குழுவின் வேலை முழுவதும் அந்தக் கோட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. பிரிசிஷன்–ரீகால் படத்தில் அதே இரண்டு புள்ளிகள் 58 சதவீத உயரத்திலும் 12 சதவீத உயரத்திலும் நிற்கும். தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கும் தெரியும்.

இந்த முரண் எப்போது வரும், எப்போது வராது என்பதற்கு ஒரு உறுதியான விடை உண்டு. 2006இல் ஜெஸ்ஸி டேவிஸ், மார்க் கோட்ரிச் இருவரும் நிரூபித்தது இது: ஒரே தரவில், ஒரு மாடலின் வளைவு ஆர்ஓசி படத்தில் மற்றதன் மேலேயே எல்லா இடத்திலும் இருந்தால், பிரிசிஷன்–ரீகால் படத்திலும் அது மேலேயே இருக்கும். மறுதலையும் உண்மை. ஆகவே வளைவுகள் வெட்டிக்கொள்ளாதபோது எந்தப் படத்தைப் பார்த்தாலும் வெற்றியாளர் ஒருவர்தான். சண்டை வருவது வெட்டிக்கொள்ளும்போது. நம் இரண்டு மாடல்களின் ஆர்ஓசி கோடுகளும் பொய் எச்சரிக்கை வீதம் ஏறத்தாழ 1.3 சதவீதமாக இருக்கும் இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. அதற்கு இடப்பக்கம் முதல் மாடல், வலப்பக்கம் இரண்டாவது. 1.3 சதவீதம் என்றால் 3,700 பொய் எச்சரிக்கைகள். நம் குழுவின் கொள்ளளவு அதற்கு வெகு இடப்பக்கத்தில் இருக்கிறது, எனவே முடிவு முதல் மாடலுக்கே.

இதுவரை படித்தவர்கள் ஆர்ஓசியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தால், அவசரப்பட வேண்டாம். பிரிசிஷன்–ரீகால் வளைவுக்கும் அதற்கே உரிய தொல்லைகள் உண்டு. அவற்றில் ஒன்று, என் பார்வையில், ஆர்ஓசி செய்யும் எதையும்விட மோசமாக ஏமாற்றக்கூடியது.

பிரிசிஷனை இப்படியும் எழுதலாம். `p` என்பது தரவில் மோசடியின் பங்கு.

```
precision = p*TPR / (p*TPR + (1-p)*FPR)
```

`TPR` என்பது ரீகால், `FPR` என்பது பொய் எச்சரிக்கை வீதம்; இரண்டும் ஆர்ஓசியின் அச்சுகள். அவை மாடலின் குணம். `p` என்பது உலகத்தின் குணம்; மாடலுக்கு அதில் கை கிடையாது. பிரிசிஷன் இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகத் தருகிறது. முடிவெடுக்க அந்தக் கலவைதான் வேண்டும். ஆனால் `p` தவறாக இருந்தால் எல்லாமே தவறாகிவிடும்.

நடைமுறையில் `p` தவறாகப் போவது எங்கே என்றால், சமநிலைப்படுத்திய சோதனைத் தரவில். பயிற்சிக்காக நல்ல பரிவர்த்தனைகளைக் குறைத்து, 492 மோசடிக்கு 492 நல்லது என்று எடுப்பதில் பெரிய குற்றமில்லை. அதே தரவிலிருந்து ஒரு பகுதியைச் சோதனைக்கும் வைத்துக்கொள்வதுதான் கேடு. `p`க்கு 0.5 போட்டுப் பாருங்கள். முதல் மாடலின் பிரிசிஷன் 58இலிருந்து 99.9 சதவீதமாகிறது. இரண்டாவதன் பிரிசிஷன் 12இலிருந்து 98.8. இரண்டு மாடல்களுக்கும் இடையே இருந்த பெரிய பள்ளம் ஒரு சதவீதப் புள்ளியாகச் சுருங்கிவிட்டது, இரண்டுமே அற்புதமாகத் தெரிகின்றன. அறிக்கையில் 99 சதவீதப் பிரிசிஷன் என்று படித்துவிட்டு, உற்பத்திச் சூழலில் எட்டு எச்சரிக்கைக்கு ஒரு மோசடி என்று பார்க்கும் மேலாளரின் கோபம் நியாயமானதே. ஆர்ஓசி இந்த இடத்தில் அசையாது. சமநிலைத் தரவிலும் அசல் தரவிலும் அதன் எதிர்பார்ப்பு ஒன்றே.

சரி, எடை போட்டுச் சரிசெய்துவிடலாமே என்று கேட்பார்கள். `average_precision_score`க்கு `sample_weight` கொடுக்க முடியும். ஒவ்வொரு நல்ல பரிவர்த்தனைக்கும் ஏறத்தாழ 578 எடை கொடுத்தால் பழைய விகிதம் திரும்பிவிடும். விகிதம் திரும்பும், தகவல் திரும்பாது. முதல் மாடலின் பொய் எச்சரிக்கை வீதம் ஆயிரத்தில் ஒன்று. 492 நல்ல பரிவர்த்தனைகள் மட்டும் இருக்கும் சோதனையில் அது எதிர்பார்ப்பில் அரை நிகழ்வு. ஒரு ஓட்டத்தில் பூஜ்யம் வரும், மற்றொன்றில் ஒன்று வரும். பூஜ்யம் வந்தால் பிரிசிஷன் நூறு சதவீதம். ஒன்று வந்தால் 578 எடையோடு சேர்ந்து 41 சதவீதத்துக்கு இறங்கும். ஆயிரத்தில் ஒன்று என்ற வீதத்தை ஓரளவு நம்பத்தக்க வகையில் அளக்க நூறு பொய் எச்சரிக்கைகளாவது கண்ணில் பட வேண்டும் என்று வைத்தால், ஒரு லட்சம் நல்ல பரிவர்த்தனைகள் தேவை. ஆகவே பயிற்சித் தரவை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம். சோதனைத் தரவில் நல்ல பரிவர்த்தனைகளில் கைவைக்கக் கூடாது.

பரப்பைக் கணக்கிடும் முறையிலும் ஒரு குழி இருக்கிறது. ஆர்ஓசியில் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைப்பது சரியானது. பிரிசிஷன்–ரீகால் படத்தில் அது தவறு. முதல் மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புள்ளி ரீகால் 0.8, பிரிசிஷன் 0.58. அடுத்த புள்ளி, எல்லாவற்றையும் எச்சரிக்கையாக்கும் கடைசிப் புள்ளி: ரீகால் 1, பிரிசிஷன் 0.0017. இவற்றை நேர்கோட்டால் இணைத்தால் ரீகால் 0.9இல் பிரிசிஷன் 29 சதவீதம் போலத் தெரியும். உண்மையில் அங்கே போக, ஒரே மதிப்பெண் பெற்ற கூட்டத்தில் பாதியை அள்ள வேண்டும்: 443 மோசடிகளும் ஏறத்தாழ 142,300 நல்லவையும். பிரிசிஷன் 0.31 சதவீதம். படம் காட்டுவதில் நூற்றில் ஒரு பங்கு.

`precision_recall_curve` தந்த புள்ளிகளை அப்படியே `auc` செயல்கூறுக்கு அனுப்புவோர் இந்த நேர்கோட்டைத்தான் வரைகிறார்கள். `precision_recall_curve` கூடவே ரீகால் 0, பிரிசிஷன் 1 என்ற ஒரு புள்ளியையும் தானாகச் சேர்க்கிறது. தரவில் அப்படி எதுவும் நிகழவில்லை. இரண்டும் சேர்ந்து முதல் மாடலின் பரப்பை 0.466க்குப் பதிலாக 0.69 என்று காட்டும். மரம் சார்ந்த மாடல்கள், விதிகள் எழுதிய பழைய அமைப்புகள் போன்றவை ஒரே மதிப்பெண்ணைப் பலருக்கும் தருவதால், இந்த வீக்கம் அவற்றுக்குத்தான் அதிகம் கிடைக்கும். மதிப்பெண்கள் நுணுக்கமாக மாறும் மாடலோடு ஒப்பிடும்போது அது சத்தமில்லாமல் முடிவையே மாற்றிவிடும். `average_precision_score` படிக்கட்டு முறையில் கணக்கிடுவதால் இந்தத் தவறைச் செய்வதில்லை. அறிக்கையில் பரப்பு என்று எழுதும்போது எந்த முறை என்பதையும் எழுதுங்கள்.

எண்ணை எப்படி வாசிப்பது என்பதும் பழக வேண்டிய விஷயம். ஆர்ஓசியில் காசு சுண்டிப்போட்டு முடிவெடுக்கும் மாடலுக்கு 0.5 கிடைக்கும். எந்தத் தரவிலும் அதுதான் தரை. சராசரி பிரிசிஷனின் தரை, தரவில் மோசடியின் பங்கேதான், இங்கே 0.0017. ஆகவே 0.466 என்பது பாதிக்கும் குறைவு என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை, தரையிலிருந்து 270 மடங்கு உயரம் அது. இதனாலேயே மோசடி 5 சதவீதம் இருக்கும் காப்பீட்டுத் தரவில் வந்த 0.6ஐ, இங்கே வந்த 0.466உடன் பக்கத்தில் வைத்துப் பேசுவதற்குப் பொருளே இல்லை.

இங்கேதான் ஆர்ஓசியின் முறை வருகிறது. மாடலை மாட்டிவிட்டு மாதா மாதம் கண்காணிக்கிறீர்கள். மோசடியின் பங்கு ஒரு மாதம் இரட்டிப்பாகிறது, அடுத்த மாதம் பாதியாகிறது. முதல் மாடல் துளியும் மாறாமல் அதே 80 சதவீத ரீகாலும் அதே ஆயிரத்தில் ஒரு பொய் எச்சரிக்கையும் தருவதாக வைத்தாலும், அதன் பிரிசிஷன் பங்கு இரட்டிப்பான மாதம் ஏறத்தாழ 74 சதவீதம், பாதியான மாதம் 41 சதவீதம். பிரிசிஷன் வரைபடத்தை மட்டும் பார்க்கும் ஒருவர் மாடல் கெட்டுவிட்டது என்று மறுபயிற்சிக்கு உத்தரவிடுவார். மாறியது மாடல் அல்ல, மோசடிக்காரர்களின் சுறுசுறுப்பு. மாதங்களையோ நாடுகளையோ வெவ்வேறு வாடிக்கையாளர் பிரிவுகளையோ ஒப்பிட்டு, மாடலின் பிரித்தறியும் திறன் அப்படியே இருக்கிறதா என்று கேட்கும்போது ஆர்ஓசி பொருத்தமான கருவி. விசாரணைக் குழுவின் சுமை எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு அந்த மாதத்தின் பங்கோடு சேர்த்துப் பிரிசிஷனைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் மாடலையும் இந்த வெளிச்சத்தில் மறுபடி பார்க்கலாம். 700 எச்சரிக்கைகள் என்ற கொள்ளளவுக்கு அது உதவாது என்றோம். ஆனால் எச்சரிக்கை மனிதரிடம் போகாமல், கூடுதல் தகவல்களைத் தேடிப் பார்க்கும் இரண்டாம் கட்ட மாடலிடம் போகிறது என்றால்? முதல் கட்டத்தின் வேலை, 284,807இல் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மலிவாகக் கழித்துவிட்டு, மோசடியைத் தவறவிடாமல் இருப்பது. இரண்டாம் மாடல் ஐந்தில் ஒரு பங்கு பரிவர்த்தனைகளை உள்ளே விட்டு 95 சதவீத மோசடியைக் காப்பாற்றுகிறது. அதே ஐந்தில் ஒரு பங்கை முதல் மாடலிடம் கொடுத்தால் 84 சதவீதம்தான் தேறும். அந்தக் கட்டத்தில் ஆர்ஓசி சொன்ன 0.950தான் உண்மைக்கு அருகில் இருக்கிறது. சராசரி பிரிசிஷனின் 0.099 நம்மைத் திசை திருப்பும். மோசடி அரிதா இல்லையா என்பதை மட்டும் வைத்து வளைவைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவே காரணம். எச்சரிக்கையைப் பெறுபவருக்கு ஒரு பொய் எச்சரிக்கை என்ன விலை என்பதையும் கேட்டாக வேண்டும்.

ஆர்ஓசியை வைத்துக்கொண்டே இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வழிகளும் உண்டு. கிடை அச்சை மடக்கை அளவில் வரைந்தால், ஆயிரத்தில் ஒன்றுக்கும் நூற்றில் ஒன்றுக்கும் இடையே போதிய இடைவெளி கிடைக்கும். கோட்டுக்குள் ஒளிந்திருந்தது வெளியே வந்துவிடும். எண்ணாக வேண்டுமென்றால் `roc_auc_score(y, s, max_fpr=0.01)` என்று, ஒரு சதவீதப் பொய் எச்சரிக்கை வீதம் வரை மட்டும் பரப்பை எடுக்கலாம். நம் மாடல்களுக்கு அது 0.88, 0.70 என்று வருகிறது. தரவரிசை தலைகீழாகி, சராசரி பிரிசிஷன் சொன்னதோடு ஒத்துப்போகிறது. இந்த எண் தரைமட்டம் 0.5 ஆகும்படி மாற்றியமைக்கப்பட்டது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நேரடியான பரப்பு அல்ல. மோசடியின் பங்கு மாறிக்கொண்டே இருக்கும், விசாரணைக் கொள்ளளவும் சிறியது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது நல்ல நடுவழி. வரம்பை எங்கே வைப்பது என்பதைக் கொள்ளளவிலிருந்து கணக்கிட வேண்டும், வழக்கத்திலிருந்து எடுக்கக் கூடாது.

எந்த வளைவை எடுத்தாலும் தப்பிக்க முடியாத ஒரு குறை, மோசடிகள் எண்ணிக்கையிலேயே குறைவு என்பது. 20 சதவீதத்தைச் சோதனைக்கு ஒதுக்கினால் கையில் இருப்பவை 98 மோசடிகள். அதில் 80 சதவீத ரீகால் என்று அளந்தால், அதன் நிலையற்ற தன்மை மேலும் கீழும் ஏறத்தாழ 8 புள்ளிகள். 72ஆகவும் இருக்கலாம், 88ஆகவும் இருக்கலாம். பிரிசிஷன்–ரீகால் வளைவின் இடது முனையில் நிலைமை இன்னும் மோசம்: மதிப்பெண் பட்டியலின் உச்சியில் இருக்கும் ஐந்தாறு பரிவர்த்தனைகளில் ஒன்று நல்லதாக அமைந்துவிட்டால் போதும், வளைவு ரம்பப் பல் போலக் கீழே விழுந்து ஏறும். அந்தப் பற்களைப் பார்த்து மாடல்களுக்குள் வேறுபாடு கற்பிப்பவர்களை நிறையப் பார்க்கலாம். சோதனைத் தரவிலிருந்து மோசடிகளையும் நல்லவற்றையும் தனித்தனியாகத் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து, ஒவ்வொரு முறையும் இரண்டு மாடல்களின் சராசரி பிரிசிஷனுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொண்டால், 0.02 வேறுபாடு பேசத்தக்கதா இல்லையா என்பது தெரிந்துவிடும். இரண்டு மாடல்களுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியைக் கொடுக்க வேண்டும்.

அளக்கும் இடத்தில் ஒளிந்திருக்கும் மற்றொரு விஷயம், 'நல்லது' என்ற முத்திரை. அட்டைதாரர் கவனிக்காத, புகார் செய்யாத மோசடி தரவில் நல்ல பரிவர்த்தனையாகவே இருக்கும். ஆர்ஓசிக்கு இது பெரிய சேதமில்லை. 284,315இல் ஐம்பது தவறான முத்திரை இருந்தாலும் கிடை அச்சு அசையாது. பிரிசிஷன் அசையும். முதல் மாடலின் 284 பொய் எச்சரிக்கைகளில் 50 உண்மையில் புகாராகாத மோசடிகள் என்றால், அதன் உண்மையான பிரிசிஷன் 58 அல்ல, 65. ஆகவே முதல் முறை மாடலை மாட்டும் முன், உச்சியில் வந்த பொய் எச்சரிக்கைகளில் சிலவற்றை அனுபவமுள்ள விசாரணையாளர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வது நல்லது. அந்தக் கோப்புகளை எடுக்கும்போது மாடலின் மதிப்பெண்ணை அவருக்குக் காட்டாமல், அதே அளவு சாதாரணப் பரிவர்த்தனைகளையும் கலந்து கொடுங்கள். இல்லாவிட்டால் மாடல் சந்தேகப்பட்டது என்பதாலேயே அவரும் சந்தேகப்படுவார்.